ஒரே கோரில் சுழலும் பூட்டு

ஒரு நாளிதழின் பழைய இதழ்களில் எந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணும் ப்ரோகிராம் ஒன்றைக் கற்பனை செய்யலாம். கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், அதை எழுதியவர் வேலையை நான்கு த்ரெட்களுக்குப் பங்கிட்டிருக்கிறார். ஒவ்வொரு த்ரெட்டும் தன் பங்குக் கோப்புகளைப் படித்து, சொற்களைப் பிரித்து, நான்குக்கும் பொதுவான ஓர் அட்டவணையில் கணக்கை ஏற்றுகிறது. அட்டவணையை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் தொட வேண்டும் என்பதற்காக அதற்கு ஒரு பூட்டும் உண்டு. நான்கு கோர் உள்ள லேப்டாப்பில் ப்ரோகிராம் விறுவிறுவென்று ஓடுகிறது. அதையே மாத வாடகைக்கு எடுத்த, ஒரு கோர் மட்டுமே உள்ள சர்வரில் ஏற்றினால் கதை மாறுகிறது. வேகம் குறையும் என்பது தெரிந்ததுதான். ஆனால் த்ரெட்டே இல்லாமல், ஒரே ஓட்டமாக எழுதியிருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும் என்கிற அளவுக்கு இழுக்கிறது. `top` கட்டளையைப் போட்டுப் பார்த்தால், ப்ராசஸர் நூறு சதவீதம் உழைப்பதாகத் தெரிகிறது.

அந்த உழைப்பில் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதற்கான விடை பூட்டில் இருக்கிறது. அது ஸ்பின்லாக் வகைப் பூட்டு. கிடைக்காவிட்டால் ஒதுங்கி உறங்காமல், "கிடைத்ததா, கிடைத்ததா" என்று நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும் பூட்டு.

பூட்டு என்றதும் பெரிய அமைப்பு எதையும் எண்ண வேண்டாம். நினைவகத்தில் ஓர் எண், அவ்வளவுதான். 0 என்றால் திறந்திருக்கிறது. 1 என்றால் யாரோ உள்ளே இருக்கிறார். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதிப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும்:

```c
while (locked == 1)
    ;
locked = 1;
```

பூட்டியிருக்கும்வரை காத்திரு, திறந்ததும் நீ பூட்டிக்கொள். படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. சிக்கல், பார்ப்பதற்கும் பூட்டுவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் இருக்கிறது. முதல் த்ரெட் எண்ணைப் படிக்கிறது, 0 என்று காண்கிறது. 1 என்று எழுதப் போகும் நேரத்தில் டைமர் இன்டரப்ட் வந்துவிடுகிறது. குறிப்பிட்ட கால இடைவெளியில் ப்ராசஸரைத் தட்டி, கட்டுப்பாட்டை இயங்குதளத்தின் கையில் கொடுப்பதற்கென்றே இருக்கும் மணி அது. இயங்குதளம் முதல் த்ரெட்டை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டாவதை ஓட விடுகிறது. இரண்டாவதும் எண்ணைப் படிக்கிறது, இன்னும் 0தான். 1 என்று எழுதி உள்ளே நுழைகிறது. அட்டவணையில் "மழை" என்ற சொல்லுக்கு 41 என்று இருப்பதைப் படிக்கும் வேளையில் அதன் முறையும் முடிகிறது. திரும்பி வரும் முதல் த்ரெட்டுக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. தான் கண்ட 0ஐ நம்பி 1 என்று எழுதி, அதுவும் உள்ளே நுழைகிறது. அதுவும் 41ஐப் படிக்கிறது, 42 என்று எழுதுகிறது. பிறகு இரண்டாவதும் வந்து 42 என்று எழுதுகிறது. இரண்டு மழைகளில் ஒன்று கணக்கில் வராமலே போய்விட்டது.

இந்தப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும். இன்டரப்ட் சரியாக அந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவில் விழ வேண்டும். பத்து முறை சோதித்தாலும் விடை சரியாகவே வரலாம். பதினோராவது முறை ஒரு சொல் குறையும். கையில் பிடித்துக் காட்ட முடியாத பிழை என்பதால்தான் இது இத்தனை ஆபத்தானது.

இந்த இடைவெளியைச் சாமர்த்தியத்தால் மட்டுமே அடைக்க முடியும் என்று முதலில் காட்டியவர்கள் உண்டு. டச்சுக் கணித அறிஞர் டெக்கர் இரண்டு பேருக்கான வழியைக் கண்டார். 1965இல் டைக்ஸ்ட்ரா அதை எத்தனை பேருக்கும் பொருந்தும்படி விரித்து எழுதினார். சாதாரணப் படித்தலும் எழுதுதலும் மட்டுமே கொண்டு இயங்கும் அந்த முறைகள் அழகானவை. ஆனால் பல மாறிகளை வரிசை பிசகாமல் கையாள வேண்டியிருக்கும். வன்பொருள் செய்கிறவர்கள் நேரான வழியைப் பிடித்தார்கள். பார்ப்பதையும் பூட்டுவதையும் ஒரே கட்டளையாக்கிவிட்டால் நடுவில் இடைவெளியே இருக்காது அல்லவா? ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளின் கட்டளைத் தொகுப்பில் டெஸ்ட் அண்ட் செட் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை இருந்தது. அது நினைவகத்தின் ஒரு பைட்டை எடுத்து, அதன் முதல் பிட் என்னவாக இருந்தது என்று குறித்துக்கொண்டு, அதே மூச்சில் அந்த பைட் முழுவதையும் 1களால் நிரப்பிவிடும்.

அதன் சாரம் இதுதான்: பழைய மதிப்பைக் கொடு, புதிய மதிப்பாக 1ஐ வை, இரண்டுக்கும் நடுவில் வேறு யாரையும் விடாதே. பூட்டு ஏற்கெனவே 1 ஆக இருந்தால், மறுபடி 1 எழுதுவதால் கெடுதல் ஒன்றுமில்லை; பழைய மதிப்பு 1 என்று திரும்பி வருவதால் பூட்டு கிடைக்கவில்லை என்பது மட்டும் தெரிந்துவிடும். பழைய மதிப்பு 0 என்று திரும்பி வந்தால், 0ஐ 1 ஆக்கியது இந்த த்ரெட்தான்; வேறு எவருக்கும் அந்த 0 கிடைத்திருக்க வாய்ப்பில்லை. ஆயிரம் த்ரெட்கள் ஒரே சமயத்தில் முட்டினாலும் 0 என்ற விடை ஒருவருக்குத்தான் போகும்.

இன்றைய இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் இந்த வேலையை `xchg` கட்டளை செய்கிறது. ஒரு ரெஜிஸ்டரில் இருப்பதையும் நினைவகத்தில் இருப்பதையும் இடம் மாற்றுவது அதன் வேலை. ரெஜிஸ்டரில் 1ஐ வைத்துக்கொண்டு பூட்டுடன் மாற்றினால், பூட்டுக்குள் 1 போய்விடும். பழைய மதிப்பு கைக்கு வரும். பல கோர்கள் இருக்கும்போது, பூட்டு இருக்கும் கேஷ் வரியை ஒரு கோர் தனக்கென்று பிடித்துக்கொண்டு, மாற்றி முடிக்கும்வரை மற்றக் கோர்களுக்கு விட்டுக்கொடுக்காது. ஒரே கோர் என்றால் அதற்கும் தேவையில்லை. இன்டரப்ட் வந்திருக்கிறதா என்று ப்ராசஸர் பார்ப்பது ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான். எனவே ஒற்றைக் கட்டளையாக இருக்கும் `xchg` டைமரால் இரண்டாகப் பிளக்கப்படாது.

சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிலை இதை எல்லா ப்ராசஸர்களுக்கும் பொதுவான வடிவில் கொடுத்திருக்கிறது. அதைக் கொண்டு எழுதினால் முழு ஸ்பின்லாக்கும் இவ்வளவுதான்:

```c
#include <stdatomic.h>

atomic_flag lock = ATOMIC_FLAG_INIT;

void acquire(void) {
    while (atomic_flag_test_and_set(&lock))
        ;
}

void release(void) {
    atomic_flag_clear(&lock);
}
```

`while` வரிதான் இதன் உயிர். டெஸ்ட் அண்ட் செட் 1 என்று சொல்லும்வரை சுழலும். 0 என்று சொன்ன கணத்தில் வெளியே வரும். அந்த வரிக்குப் பின் தனியாக நிற்கும் அரைப்புள்ளி, "சுழலும்போது செய்ய வேறு வேலை எதுவும் இல்லை" என்பதைச் சொல்கிறது. `release` பூட்டை 0 ஆக்குகிறது. இதைச் சாதாரண `lock = 0` போல எழுதிவிடலாமே என்று தோன்றும். ஆனால் கம்பைலரும் ப்ராசஸரும் வேகத்துக்காகக் கட்டளைகளின் வரிசையை மாற்றிப் போடும் பழக்கம் உடையவை. அட்டவணையில் எழுதியவை மற்றவர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பூட்டு திறந்துவிட்டால் எல்லாம் வீண். `atomic_flag_clear` அந்த வரிசையையும் காத்துக் கொடுக்கிறது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்குதளப் பாடத்துக்காக எழுதப்பட்ட `xv6` என்ற சிறிய யுனிக்ஸ் இருக்கிறது. அதன் கெர்னலுக்குள் இருக்கும் பூட்டும் கிட்டத்தட்ட இதே சுழற்சிதான். ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸருக்கான பதிப்பில் அந்த `while` வரி `amoswap` என்ற கட்டளையாக மாறுகிறது. ஆகவே மேலே உள்ள சில வரிகளைப் பொம்மைக் கோட் என்று தள்ள முடியாது. பூட்டின் முதல் கடமையை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடுவது என்பதை, இது ஒரு குறையும் இல்லாமல் நிறைவேற்றுகிறது. "மழை" இனி தொலையாது.

தொலைவது நேரம். அது எப்படித் தொலைகிறது என்று பார்க்க, சொல் எண்ணும் ப்ரோகிராமின் நான்கு த்ரெட்களையும் ஒரு கோரில் வைத்து, இயங்குதளம் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவிநாடி வீதம் முறை வைத்துக் கொடுக்கிறது என்று கொள்ளலாம். த்ரெட்களுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர். ஏ பூட்டை எடுத்துக்கொண்டு அட்டவணைக்குள் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு மைக்ரோவிநாடி கிடைத்தால் வேலையை முடித்துப் பூட்டைத் திறந்துவிடும். அப்போது டைமர் அடிக்கிறது. ஏ ஓரங்கட்டப்படுகிறது; பூட்டு அதன் கையிலேயே இருக்கிறது.

இப்போது பியின் முறை. அது தன் கோப்பில் ஒரு சொல்லைப் பிரித்தெடுத்துவிட்டு, அட்டவணையில் ஏற்றப் பூட்டைக் கேட்கிறது. 1 என்று விடை. மறுபடி கேட்கிறது. 1. நொடிக்கு 300 கோடித் துடிப்புள்ள ப்ராசஸரில் 10 மில்லிவிநாடி என்பது 3 கோடித் துடிப்புகள். ஒரு `xchg` முயற்சிக்குச் சுமார் 20 துடிப்பு என்று வைத்தால், பி தன் ஒரு முறைக்குள் ஏறக்குறைய 15 லட்சம் தடவை ஒரே கேள்வியைக் கேட்டு, 15 லட்சம் தடவையும் ஒரே விடையைப் பெறுகிறது. விடை மாற வழியே கிடையாது. பூட்டைத் திறக்க வேண்டிய ஏ ஓடினால்தான் விடை மாறும். ஏ ஓட வேண்டிய ஒரே கோரில் பி உட்கார்ந்திருக்கிறது. ஒரே நாற்காலி உள்ள அலுவலகத்தில், அலமாரிச் சாவியைக் கையில் வைத்திருப்பவர் உட்கார இடமில்லாமல் வெளியே நிற்க, நாற்காலியில் அமர்ந்தவர் "சாவி வந்ததா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதற்கு ஒப்பானது இது.

பியின் 10 மில்லிவிநாடி முடிந்ததும் சி வருகிறது. அதற்கும் அதே கதி. பிறகு டி. ஏவின் கையில் மறுபடி கோர் வரும்போது 30 மில்லிவிநாடி கழிந்திருக்கிறது. ஏ அந்த ஒரு மைக்ரோவிநாடி வேலையை முடித்துப் பூட்டைத் திறக்கிறது. ஒரு மைக்ரோவிநாடி வேலைக்காக அதைவிட முப்பதாயிரம் மடங்கு நேரம் எரிந்துபோயிற்று. த்ரெட்களின் எண்ணிக்கை கூடக்கூட இழப்பும் கூடும். பூட்டை வைத்திருப்பவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆளுக்கு ஒரு முழு முறையை வீணாக்குவார்கள்.

பல கோர் உள்ள கணினியில் இதே சுழற்சி ஏன் வலிக்கவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. அங்கே பி சுழலும் அதே கணத்தில் ஏ இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மைக்ரோவிநாடியில் ஏ திறந்துவிடும். பி ஏறக்குறைய 150 முயற்சிகளுக்குள் உள்ளே போய்விடும். த்ரெட்டை உறங்க வைத்து மறுபடி எழுப்புவதற்கு இயங்குதளம் எடுத்துக்கொள்ளும் நேரமே பெரும்பாலும் அதைவிட அதிகம். அதனால் அங்கே சுழல்வதுதான் சிக்கனம். ஸ்பின்லாக்கை வீணான பூட்டு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. காத்திருப்பவர் சுழலும்போது, பூட்டை வைத்திருப்பவர் வேறு எங்காவது ஓடிக்கொண்டிருக்கிறார் என்ற ஒரே அனுமானத்தின் மேல் அது கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கோரில் அந்த அனுமானம் எப்போதும் பொய். ஒருவர் சுழல்கிறார் என்றாலே, பூட்டை வைத்திருப்பவர் ஓடவில்லை என்றுதான் அர்த்தம்.

இழப்பு எப்போதும் இவ்வளவு பெரிதாக இருக்குமா? இல்லை. அதைக் கணக்கிடுவதும் கடினமில்லை. ஒரு த்ரெட் தன் ஓட்ட நேரத்தில் எந்த அளவு பங்கைப் பூட்டுக்குள் செலவிடுகிறதோ, டைமர் அடிக்கும்போது அது பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்தப் பங்கை f என்றும் த்ரெட்களின் எண்ணிக்கையை N என்றும் கொண்டால், பயனுள்ள ஒவ்வொரு முறைக்கும் பின்னால் சராசரியாக f(N − 1) முறைகள் வீணாகின்றன. பயனுள்ள நேரத்தின் பங்கு இது:

```
1 / (1 + f(N − 1))
```

நான்கு த்ரெட்கள், பூட்டுக்குள் நூற்றில் ஒரு பங்கு நேரம் என்றால், வீணாவது 3 சதவீதம்தான். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். சொல் எண்ணும் ப்ரோகிராமோ, ஒவ்வொரு சொல்லுக்கும் பூட்டைத் தொடுகிறது. பாதி நேரம் அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது என்றால், f என்பது 0.5. பயனுள்ள நேரம் 40 சதவீதமாகச் சுருங்குகிறது. மீதி 60 சதவீதம் சுழற்சி. த்ரெட்களை எட்டாக்கினால் பயனுள்ளது 22 சதவீதம்தான். வேகம் போதவில்லை என்று த்ரெட்களைக் கூட்டுகிறவர், தெரியாமலே நிலைமையை மோசமாக்குகிறார். ஒரே ஓட்டமாக எழுதிய ப்ரோகிராம் இதை முந்துவதன் காரணமும் இதுதான். அதற்கு வீணாக்கும் முறை ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூட்டை ஒவ்வொரு முறையும் மிகச் சிறிது நேரமே வைத்திருந்தால் போதும் என்று பலரும் நினைப்பார்கள். ஒரு கோரில் அது மட்டும் காப்பாற்றாது. ஒரு மைக்ரோவிநாடிதான் வைத்திருக்கிறது என்றாலும், அடுத்த மைக்ரோவிநாடியிலேயே மறுபடி எடுக்கிறது என்றால் f பாதிதான். எத்தனை நேரம் என்பதைவிட, மொத்த ஓட்டத்தில் எத்தனை பங்கு என்பதுதான் இங்கே முடிவு செய்கிறது.

இதுவரை எல்லா த்ரெட்களுக்கும் சமமான முறை கிடைத்தது. அது நேரத்தை வீணாக்கியதே ஒழிய வேலை ஒருநாள் முடிந்துவிடும். முன்னுரிமை உள்ள இடத்தில் அதுவும் நடக்காமல் போகலாம். லினக்ஸில் `SCHED_FIFO` என்ற ஏற்பாட்டில், முன்னுரிமை அதிகமுள்ள த்ரெட் ஓட விரும்பும்வரை குறைந்ததற்கு இடமே கிடையாது. குறைந்த முன்னுரிமை த்ரெட் பூட்டை வைத்திருக்கும்போது உயர்ந்த முன்னுரிமை த்ரெட் விழித்துக்கொண்டு அதே பூட்டைக் கேட்டுச் சுழலத் தொடங்கினால், ஒரு கோரில் அந்தச் சுழற்சிக்கு முடிவில்லை. சுழல்கிறவர் உறங்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறார்; ஆகவே இயங்குதளத்தின் பார்வையில் அவர்தான் ஓட வேண்டியவர். பூட்டை வைத்திருப்பது சாதாரண த்ரெட்டாக இருந்தால் லினக்ஸ் ஒரு சிறு கருணை காட்டுகிறது: இயல்பான அமைப்பில், ஒவ்வொரு விநாடியிலும் 50 மில்லிவிநாடியைச் சாதாரண த்ரெட்களுக்கென்று ஒதுக்கி வைக்கிறது. அப்போது ப்ரோகிராம் உறையாது. விநாடிக்கொரு முறை துள்ளித் துள்ளி நகரும். கருவி ஒன்று ஏறக்குறைய ஒரு விநாடி நின்று நின்று இயங்குகிறது என்றால் சந்தேகிக்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

கெர்னலுக்குள் இதைவிடக் கொடிய வடிவம் உண்டு. கெர்னல் கோட் ஒரு பூட்டை எடுத்திருக்கிறது. அந்த நேரத்தில் டிஸ்க்கிலிருந்து இன்டரப்ட் வருகிறது. அதைக் கவனிக்கும் ஹேண்ட்லரும் அதே பூட்டைக் கேட்கிறது. ஹேண்ட்லர் முடிந்தால்தான் பழைய கோட் தொடரும். பழைய கோட் தொடர்ந்தால்தான் பூட்டு திறக்கும். கணினி அப்படியே உறைந்துவிடும். அதனால்தான் `xv6` பூட்டைத் தொடுவதற்கு முன்பே `push_off()` என்று அழைத்து அந்தக் கோரில் இன்டரப்ட்களை நிறுத்திவிடுகிறது. லினக்ஸில் இதற்கு `spin_lock_irqsave` இருக்கிறது.

இன்டரப்டை நிறுத்தியாயிற்று என்றால் ஒரு கோரில் இன்னொரு கேள்வி எழுகிறது. டைமரே அடிக்காதபோது வேறு எவரும் உள்ளே வர முடியாது. பிறகு பூட்டு எதற்கு? லினக்ஸ் கெர்னல் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது. பல ப்ராசஸர் ஆதரவான `CONFIG_SMP` இல்லாமல் கெர்னலைக் கம்பைல் செய்தால், `spin_lock` என்று எழுதியிருக்கும் இடங்களில் டெஸ்ட் அண்ட் செட்டும் இருக்காது, சுழற்சியும் இருக்காது. நடுவில் வேறு த்ரெட்டுக்கு மாறாதே என்ற அறிவிப்பு மட்டும் மிஞ்சும். அப்படி மாறும் வசதியே இல்லாத கெர்னலில் அதுகூட மறைந்து, பூட்டு ஒன்றுமில்லாததாகிவிடும். ஸ்பின்லாக்கின் எல்லையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை.

சாதாரண ப்ரோகிராம்களுக்கு அந்த வசதி கிடையாது. இன்டரப்டை நிறுத்தும் அதிகாரத்தை எந்த இயங்குதளமும் பயனர் ப்ரோகிராமுக்குக் கொடுக்காது. கொடுத்தால் ஒரே ஒரு ப்ரோகிராம் கணினி முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே சொல் எண்ணும் ப்ரோகிராம் பூட்டை வைத்திருக்கும்போது டைமர் அடிக்கத்தான் செய்யும். அதைத் தடுக்க முடியாது. அதன் பிறகு மற்றவர்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதைத்தான் மாற்ற முடியும்.

அதற்கு முன்னால், சிக்கல் இதுதான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நான்கு கோர் லேப்டாப்பிலேயே இதைச் செய்து பார்க்கலாம். `taskset` என்ற லினக்ஸ் கட்டளை ஒரு ப்ரோகிராமைக் குறிப்பிட்ட கோரில் மட்டும் ஓட வைக்கும்:

```
time taskset -c 0 ./wordcount
grep ctxt /proc/PID/task/*/status
```

இரண்டாவது வரியை ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொரு டெர்மினலில் போட வேண்டும். `PID` என்ற இடத்தில் அதன் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் இரண்டு எண்கள் வரும். `voluntary_ctxt_switches` என்பது தானாக கோரை விட்டுக்கொடுத்த தடவைகள். `nonvoluntary_ctxt_switches` என்பது ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கப்பட்ட தடவைகள். ஒழுங்காக உறங்கிக் காத்திருக்கும் த்ரெட்களில் பூட்டு கிடைக்காத ஒவ்வொரு தடவையும் முதல் எண்தான் ஏறும். ஸ்பின்லாக்கில் காத்திருப்பவர் தானாக விலகுவதே இல்லை. இரண்டாவது எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். `perf top` வைத்துப் பார்த்தால் ப்ராசஸர் நேரத்தின் பெரும்பகுதி `acquire`க்குள் ஒரு `xchg` கட்டளையைச் சுற்றிக் குவிந்திருப்பது தெரியும். `top` காட்டிய நூறு சதவீத உழைப்பின் முகவரி அதுதான்.

இந்த இடத்தில் பலர் பழக்கப்பட்ட மருந்துகளைத் தேடுவார்கள். சுழற்சிக்குள் `pause` கட்டளையைப் போடுவது ஒன்று. டெஸ்ட் அண்ட் செட்டை விடாமல் முட்டாமல், பூட்டு 0 ஆகத் தெரியும்வரை வெறுமனே படித்துப் பார்த்துவிட்டு அதன் பிறகு முட்டுவது இன்னொன்று. இரண்டும் நல்ல மருந்துகளே. ஆனால் வேறு நோய்க்கானவை. பல கோர்கள் ஒரே கேஷ் வரியை மாறி மாறிப் பறித்துக்கொள்வதால் எழும் நெரிசலை அவை குறைக்கின்றன. ஒரு கோரில் பறித்துக்கொள்ள வேறு கோர் இல்லை. அங்கே 15 லட்சம் தடவை கேட்பதற்குப் பதில் 2 லட்சம் தடவை கேட்டாலும், கழிவது அதே 10 மில்லிவிநாடிதான்.

ஒரு கோருக்கு உதவுவது விலகி நிற்பது மட்டுமே. மிக எளிய வடிவம், அந்த வெற்று அரைப்புள்ளி இருந்த இடத்தில் `sched_yield()` என்று எழுதுவது. பூட்டு கிடைக்கவில்லையா, மிச்சமிருக்கும் முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடு என்று அது சொல்கிறது. பி ஒரு தடவை கேட்டுவிட்டு விலகும். சியும் டியும் அப்படியே. த்ரெட் மாற்றம் ஒவ்வொன்றும் சில மைக்ரோவிநாடிகளில் முடிவதால், 30 மில்லிவிநாடி இழப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். ஆனாலும் இது அரைகுறைத் தீர்வுதான். நூறு த்ரெட்கள் காத்திருந்தால் நூறும் வீணாக எழுந்து உட்காரும். `SCHED_FIFO` இருக்கும் இடத்தில் உயர்ந்த முன்னுரிமை த்ரெட் விலகினாலும், குறைந்ததற்கு இடம் போகாது. மறுபடி அதற்கேதான் வரும்.

முழுமையான தீர்வு, காத்திருப்பவரை உறங்க வைத்து, திறக்கிறவர் எழுப்புவது. லினக்ஸில் அதற்கான அடித்தளம் ஃபியூடெக்ஸ். ஹூபர்டஸ் ஃபிராங்கே, ரஸ்டி ரஸ்ஸல், மேத்யூ கிர்க்வுட் மூவரும் 2002இல் இதை விளக்கி எழுதினார்கள். இதன் நேர்த்தி, டெஸ்ட் அண்ட் செட்டைத் தூக்கி எறியாததில் இருக்கிறது. பூட்டு திறந்திருந்தால் ஓர் அணுக் கட்டளையிலேயே வேலை முடிந்துவிடுகிறது. கெர்னலை அழைக்கவே வேண்டாம். பூட்டியிருந்தால் மட்டும், "இந்த எண் இன்னும் மாறாமல் இருந்தால் என்னை உறங்க வை" என்று கெர்னலிடம் சொல்கிறது. உறங்கும் த்ரெட்டுக்கு இயங்குதளம் முறையே கொடுக்காது. கோர் நேராக ஏவிடம் போகிறது. ஏ திறந்ததும் காத்திருந்தவர்களில் ஒருவரை எழுப்புகிறது. லினக்ஸில் `pthread_mutex_lock` என்று எழுதுகிறவர் பெறுவது இதைத்தான். சொல் எண்ணும் ப்ரோகிராமில் `acquire`, `release` இரண்டையும் எடுத்துவிட்டு இந்த மியூடெக்ஸைப் போட்டால், ஒரே கோர் சர்வரில் அந்த 60 சதவீதச் சுழற்சி மறைந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் பூட்டைத் தொடாமல், ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஓர் அட்டவணை வைத்துக்கொண்டு கோப்பு முடிந்ததும் சேர்த்தால் f என்பதே சுண்டிப்போகும். பூட்டை மாற்றுவதைவிட இது நல்ல வேலை என்பதில் சந்தேகமில்லை.

சுழல்வதா உறங்குவதா என்பதை ஓடும்போதே முடிவு செய்யும் பூட்டுகளும் உண்டு. சன் நிறுவனத்தின் சொலாரிஸ் கெர்னலில் இருந்த பூட்டு, தன்னை வைத்திருப்பவர் இந்தக் கணத்தில் வேறு கோரில் ஓடுகிறாரா என்று பார்க்கும். ஓடினால் சுழலும், இல்லாவிட்டால் உறங்கும். லினக்ஸ் கெர்னலின் மியூடெக்ஸும் இன்று இதே வழியில்தான் நடக்கிறது. ஒரு கோரில் பூட்டை வைத்திருப்பவர் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பே இல்லை என்பதால், இத்தகைய பூட்டு அங்கே தானாகவே உறங்கும் பூட்டாகிவிடும்.

மெய்நிகர் கணினிகளில் இந்தப் பார்வையும் ஏமாறக்கூடும். வாடகைக் கணினி தனக்கு இரண்டு கோர் இருப்பதாக நம்புகிறது. அடியில் இருக்கும் உண்மையான இயந்திரமோ அந்த நேரத்தில் அதற்கு ஒரு கோரைத்தான் கொடுத்திருக்கிறது. உள்ளே இருக்கும் கெர்னல், பூட்டை வைத்திருப்பவர் இன்னொரு கோரில் ஓடுகிறார் என்று கணக்கிட்டுச் சுழல்கிறது. அந்த இன்னொரு கோர் அடியில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே கோரின் பழைய நோய், இரண்டு கோர் வேடத்தில் திரும்பி வந்துவிட்டது. இதற்கு இன்டெல்லும் ஏஎம்டியும் வன்பொருளிலேயே வழி வைத்தார்கள். மெய்நிகர் கோர் ஒன்று குறுகிய நேரத்துக்குள் `pause` கட்டளையை மறுபடி மறுபடி ஓட்டினால், அது ஏதோ பூட்டின் முன்னால் சுழல்கிறது என்று ப்ராசஸர் ஊகித்து, கட்டுப்பாட்டைப் பிடுங்கி அடியில் உள்ள இயங்குதளத்திடம் கொடுத்துவிடும். லினக்ஸின் கேவிஎம் அப்போது அதே வாடகைக் கணினியின் வேறொரு மெய்நிகர் கோரைத் தேர்ந்து ஓட விடுகிறது. பூட்டை வைத்திருப்பவர் யார் என்று அதற்குத் திட்டவட்டமாகத் தெரியாது. நிறுத்தி வைக்கப்பட்டவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில் அது செய்கிறது.